ஹாட்ஸ்பாட்டில் படம் பார்த்தால் டேட்டா எங்கே போகிறது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வாடகை அறையில் தனி இணைய இணைப்பு கிடையாது, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில்தான் லேப்டாப்போ டிவியோ ஓடுகிறது என்றால், வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். எதிரே இருக்கும் கருவிக்கு அது ஹாட்ஸ்பாட் என்று தெரியாது. வைஃபை என்று மட்டும்தான் தெரியும். வைஃபை என்றாலே அளவில்லாத டேட்டா என்று வைத்துக்கொண்டுதான் ஆப்களை எழுதியிருக்கிறார்கள். போனில் நேராகப் பார்க்கும்போது "மொபைல் டேட்டாவில் குறைந்த தரம் போதும்" என்று நீங்கள் போட்டு வைத்த கட்டுப்பாடு, அதே படத்தை ஹாட்ஸ்பாட் வழியாக லேப்டாப்பில் திறந்தால் செல்லாது. அங்கே வைஃபைக்கான தரம்தான் ஓடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆண்ட்ராய்டு போன் கொடுக்கும் ஹாட்ஸ்பாட்டை இன்னொரு ஆண்ட்ராய்டு கருவி பெரும்பாலும் தானே அடையாளம் கண்டு, அளவுள்ள இணைப்பாக நடத்தும். ஆப்பிள் கருவிகளும் தங்களுக்குள் அப்படித்தான். கூட்டணி மாறினால் இந்தப் புரிதல் போய்விடும். விண்டோஸ் லேப்டாப்பிலும் டிவியிலும் இதை நம்பி உட்காரக்கூடாது.

அறிகுறிகளுக்குள் போகுமுன் ஒரு பெருக்கல் மட்டும் கையில் இருக்கட்டும். விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி செலவாகும். ஆகவே எம்பிபிஎஸ் எண்ணை 0.45 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை ஜிபி என்பது வந்துவிடும்.

```
2 Mbps × 0.45 = 0.9 GB / மணி
```

அறிகுறி 1: ஒரு படம் முடிவதற்குள் நாளின் டேட்டா தீர்ந்துவிடுகிறது

முதலில் அளக்க வேண்டும். ஊகத்தில் தரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் படமும் கெடும், கசிவும் நிற்காது. ஆண்ட்ராய்டில் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில், ஆப்களின் வரிசையில் ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனி வரி இருக்கும். ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தில் Personal Hotspot என்ற வரியைத் தொட்டால், இணைந்த ஒவ்வொரு கருவியும் எவ்வளவு எடுத்தது என்பதைப் பெயரோடு காட்டும்.

அளக்கும் முறை இது. படத்தை ஓட விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். தொடக்கத்தில் பிளேயர் அவசர அவசரமாக முன்கூட்டிச் சேமித்துக்கொள்ளும் என்பதால், முதல் நிமிடங்களின் செலவு எப்போதும் கூடுதலாகவே தெரியும். பிறகு எண்ணைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் படத்தை நிறுத்தாமல், தாவாமல் ஓட்டி, மறுபடி எண்ணைப் பாருங்கள். சில போன்களில் இந்தக் கணக்கு உடனே புதுப்பிக்கப்படாது, ஒரு நிமிடம் விட்டுப் பார்ப்பது நல்லது. வித்தியாசத்தை ஆறால் பெருக்கினால் ஒரு மணிச் செலவு. அடுத்து, பலர் விட்டுவிடும் பாதி: படம் இருக்கும் டேபை மூடிவிட்டு, லேப்டாப்பை அப்படியே இணைப்பில் வைத்து, இன்னொரு பத்து நிமிடம் அளக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 2 ஜிபி வரம்பு, விண்டோஸ் லேப்டாப், யூடியூபில் ஒரு படம், தரம் Auto, முழுத்திரை. பத்து நிமிடத்தில் எண் 343 எம்பி ஏறியது. மணிக்கு 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல், அதாவது ஒரு மணி நேரம் ஆகுமுன்பே அன்றைய வரம்பு காலி. இப்போது டேபை மூடிவிட்டுப் பத்து நிமிடம் அளந்தால், யாரும் எதுவும் பார்க்காதபோதே 68 எம்பி ஏறுகிறது. ஆக படத்தின் உண்மையான பங்கு 275 எம்பி, மணிக்கு 1.65 ஜிபி. 0.45 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.7 எம்பிபிஎஸ். இது 1080p ஓடுகிறது என்பதற்கான எண். மீதி 68 எம்பி, மணிக்கு 400 எம்பி வீதம், பின்னணியில் ஏதோ ஒன்று உறிஞ்சுவது. இரண்டு கசிவுக்கும் மருந்து வேறு வேறு.

பின்னணிக் கசிவை முதலில் அடைக்கலாம், அதில் இழப்பு எதுவும் இல்லை. விண்டோஸில் Settings, பிறகு Network & internet, பிறகு Wi-Fi, இணைந்திருக்கும் ஹாட்ஸ்பாட்டின் properties. அங்கே Metered connection என்ற சுவிட்சைப் போடுங்கள். பெரிய அப்டேட்கள் பெரும்பாலும் காத்திருக்கும், ஒன்டிரைவ் ஒத்திசைவை நிறுத்திக்கொள்ளும். மேக்கிலும் ஐபாடிலும் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் Low Data Mode என்று இருக்கும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அந்த நெட்வொர்க்கின் விவரத்துக்குள் போய் Treat as metered என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தச் சுவிட்ச் ஏமாற்றும் இடங்கள் மூன்று. ஒன்று, இது அந்த நெட்வொர்க் பெயருக்கு மட்டும் உரியது. ஹாட்ஸ்பாட்டுக்குப் புதுப் பெயர் வைத்தாலும், வேறு போனிலிருந்து பகிர்ந்தாலும் மறுபடி போட வேண்டும். இரண்டு, கேபிளில் யூஎஸ்பி டெதரிங் செய்தால் லேப்டாப் அதை வைஃபையாகப் பார்க்காது, ஈதர்நெட்டாகப் பார்க்கும். வைஃபைக்குப் போட்ட சுவிட்சுக்கு அங்கே வேலையே இல்லை. Ethernet பக்கத்துக்குப் போய்த் தனியாகப் போட வேண்டும். "நேற்றுவரை சரியாக இருந்தது, கேபிள் போட்டதிலிருந்து டேட்டா பறக்கிறது" என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். மூன்று, எல்லா மென்பொருளும் இந்தச் சுவிட்சை மதிப்பதில்லை. கேம் லாஞ்சர்கள், பிரவுசரில் திறந்து கிடக்கும் வீடியோ டேப்கள், சில கிளவுட் சேமிப்பு ஆப்கள் தம் போக்கில் எடுத்துக்கொண்டே இருக்கும். அவற்றை அவற்றின் அமைப்புகளுக்குள் போய்த்தான் நிறுத்த முடியும். எது எடுக்கிறது என்று கண்டுபிடிக்க Task Manager திறந்து Network என்ற பத்தியைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால், உறிஞ்சுவது மேலே வந்து நிற்கும்.

இனி படத்தின் பங்கு. யூடியூபில் தரத்துக்கேற்ற செலவு வீடியோவுக்கு வீடியோ மாறும். பேசும் முகம் குறைவாக எடுக்கும், ஓடும் பந்து அதிகமாக எடுக்கும். தோராயமாக 360p மணிக்கு 300 எம்பி, 480p 500 முதல் 700 எம்பி, 720p 1 முதல் 1.5 ஜிபி, 1080p 1.6 முதல் 3 ஜிபி என்று வைத்துக்கொண்டால் திட்டமிடப் போதும். விநாடிக்கு 60 ஃபிரேம் வீடியோ என்றால் இதற்கும் மேலே போகும். தர வரிசையில் 1080p60, 720p60 என்று கடைசியில் 60 ஒட்டியிருப்பதே அடையாளம். நேரலை விளையாட்டில் இதுதான் சத்தமில்லாமல் டேட்டாவைத் தின்னும்.

எந்தத் தரம் போதும் என்பதைத் திரையின் அளவும் உட்காரும் தூரமும்தான் தீர்மானிக்கின்றன. போன் திரைக்கு 360p சகிக்கலாம், 480p நன்றாகவே இருக்கும். மேசையில் வைத்த 14 அங்குல லேப்டாப்புக்கு 480p போதும்; எழுத்து நிறைந்த பாடம், கோடிங் வீடியோ என்றால் மட்டும் 720p, ஏனென்றால் 480p இல் சின்ன எழுத்து கரைந்துவிடும். கட்டிலில் சாய்ந்து இரண்டு மீட்டர் தள்ளி 32 அங்குல டிவி பார்ப்பவருக்கு 720p. ஹாட்ஸ்பாட்டில் 1080p போடுவதற்கு நியாயமான காரணம் அநேகமாக இல்லை. 4K அந்தத் திரையில் வித்தியாசமே காட்டாது, மணிக்கு 7 ஜிபி அளவுக்குப் போகும்.

மேலே சொன்ன லேப்டாப்பில் இரண்டையும் செய்தபின் மறுபடி அளந்தால், 480p இல் பத்து நிமிடத்துக்கு 104 எம்பி, சும்மா இருக்கும்போது 2 எம்பி. மணிக்கு 624 எம்பி. 2 ஜிபியில் போனின் சொந்தத் தேவைக்கு 400 எம்பி ஒதுக்கினால் மீதி 1600 எம்பி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்று முழுதாகப் பார்க்கலாம். அதே 1600 எம்பியை 720p இல், மணிக்கு 1.1 ஜிபி என்று செலவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இடைவேளை தாண்டியதும் படம் நின்றுவிடும்.

தரத்தை எங்கே பூட்டுவது என்பது ஆப்புக்கு ஆப் வேறு. யூடியூப் மொபைல் ஆப்பில் Settings, Video quality preferences என்ற பக்கத்தில் மொபைல் நெட்வொர்க்குக்கும் வைஃபைக்கும் தனித்தனி வரிகள் இருக்கும். ஹாட்ஸ்பாட்டில் இணையும் டேப்லெட்டில் இந்த வைஃபை வரியைத்தான் Data saver ஆக்க வேண்டும். லேப்டாப் பிரவுசரில் வீடியோவின் சக்கர ஐகானில் தரத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். Auto வில் விட்டால் சின்னப் பிளேயரில் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தது, முழுத்திரை ஆக்கியதும் ஏறிவிடும். டிவி ஆப்பில் தேர்ந்தெடுத்த தரம் அடுத்த வீடியோவுக்கும் தொடரும் என்று நம்ப வேண்டாம். புது வீடியோ தொடங்கியதும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட்ஃபிளிக்ஸில் இது ஆப்புக்குள் கிடைக்காது. பிரவுசரில் கணக்குப் பக்கத்துக்குப் போய், உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து, Playback settings இல் மாற்ற வேண்டும். Low என்றால் மணிக்கு 0.3 ஜிபி வரை, Medium என்றால் 0.7 ஜிபி வரை, High என்றால் எச்டியில் 3 ஜிபி வரை என்று அந்த நிறுவனமே கணக்குச் சொல்கிறது. ஹாட்ஸ்பாட்டுக்கு Medium சரியான இடம். ப்ரொஃபைலுக்குப் போட்டதால் டிவியிலும் அதுவே வரும். மாற்றியதும் டிவியில் பழைய தரமே ஓடினால், அந்தக் கருவியில் வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

இன்னும் ஒரு சின்ன ஓட்டை. யூடியூப் ஆப்பின் முகப்பில் கை வைக்காமலே வீடியோக்கள் ஓடத் தொடங்குமே, அதை நிறுத்தும் Playback in feeds என்ற அமைப்பில் Wi-Fi only என்றொரு தேர்வு உண்டு. சிக்கனமான தேர்வுபோலத் தெரியும். ஹாட்ஸ்பாட்டில் இணைந்த டேப்லெட்டுக்கு அது எப்போதும் ஓடு என்று சொல்வதற்குச் சமம். Off தான் வேண்டும். தூங்கிப் போகும் பழக்கம் இருந்தால் Autoplay யையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடியும்வரை அடுத்தடுத்து ஓடும்.

அறிகுறி 2: சிக்னல் கட்டை நிறைய இருக்கிறது, படம் மட்டும் சுற்றிச் சுற்றி நிற்கிறது

படம் இரண்டு தாவலில் வருகிறது. டவரிலிருந்து போனுக்கு ஒன்று, போனிலிருந்து லேப்டாப்புக்கு ஒன்று. எந்தத் தாவலில் தடுக்குகிறது என்று தெரியாமல் போனை ஜன்னலுக்கும் மேசைக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பயனில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ட் திறந்து இதைச் செய்யுங்கள்:

```
ipconfig
ping -n 30 172.20.10.1
ping -n 30 8.8.8.8
```

முதல் வரி தரும் விவரத்தில் Default Gateway என்று இருக்கும் எண்தான் உங்கள் போன். ஐபோன் ஹாட்ஸ்பாட் என்றால் அது 172.20.10.1. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மாறும், ஆகவே இரண்டாவது வரியில் உங்களுக்கு வந்த எண்ணைப் போடுங்கள். மூன்றாவது வரியில் இருப்பது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், அறைக்கு வெளியே உள்ள உலகத்துக்கு ஒரு பிரதிநிதி. மேக், லினக்ஸ் என்றால் முதல் வரி உதவாது, போனின் எண்ணை அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் பாருங்கள்; ping வரிகளில் -n க்குப் பதில் -c.

போனுக்கு அனுப்பியவை 10 மில்லிவிநாடிக்குள் திரும்பி, வெளியே அனுப்பியவை 300, 400 என்று அலைந்தாலோ Request timed out என்று விழுந்தாலோ, அறைக்குள் எல்லாம் சரி, டவர் பக்கம்தான் கோளாறு. போனுக்கு அனுப்பியவையே 100, 200 என்று எகிறினால், அல்லது இடையிடையே தொலைந்தால், சிக்கல் உங்கள் அறைக்குள் இருக்கிறது. டவரைக் குறை சொல்வதற்கில்லை.

அறைக்குள் என்றால் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் நெரிசல். சுவருக்கு அந்தப் பக்கம், மேல்மாடி, கீழ்மாடி என்று பத்து ரவுட்டர்கள் அதே அலைவரிசையில் கத்திக்கொண்டிருக்கும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் Maximize Compatibility அணைந்திருந்தால் அது 5க்குப் போகும். ஆண்ட்ராய்டில் இது Extend compatibility என்றோ, Band என்றோ இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் மட்டம். ஒரே அறைக்குள் இருக்கும்வரை அது குறையாகத் தெரியாது. பால்கனியில் போனை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே பார்த்தால் தெரியும். லேப்டாப் என்றால் இதற்கெல்லாம் ஒரே தீர்வு கேபிள். யூஎஸ்பி டெதரிங்கில் இந்தத் தாவலே காணாமல் போகிறது.

டவர் பக்கம் என்றால் சிக்னல் கட்டைகளை நம்பக்கூடாது. அவை டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்று மட்டும் சொல்கின்றன, அந்த டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று சொல்வதில்லை. ஆண்ட்ராய்டில் About phone, SIM status பக்கத்தில் டிபிஎம் எண் இருக்கும். 4ஜியில் -85 நல்லது, -100 சுமார், -110 என்றால் பலவீனம். எண் -85 இல் நிற்கிறது, காலை ஆறு மணிக்கு 25 எம்பிபிஎஸ் வருகிறது, இரவு ஒன்பதுக்கு அதே இடத்தில் 1.8 வருகிறது என்றால் அது கூட்டம். போனை எங்கே வைத்தாலும் சரியாகாது. அப்போது செய்யக்கூடியவை இரண்டு. நெட்வொர்க் வகையை 5ஜியிலிருந்து 4ஜிக்கோ அங்கிருந்து இங்கோ மாற்றிப் பாருங்கள், கூட்டம் குறைந்த வேறு அலைவரிசையில் இடம் கிடைக்கலாம். அதுவும் உதவாவிட்டால் படத்தைக் காலையிலேயே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நேரலை தவிர மற்ற எதற்கும் இது பொருந்தும்.

எண் -110 என்றால் நிலைமை வேறு. அங்கே இடம் மாற்றுவது உண்மையிலேயே பலன் தரும். அறையின் நான்கைந்து இடங்களில் போனை அரை நிமிடம் வைத்து எண்ணைப் பாருங்கள். இரும்பு பீரோவின் மேல், தரையில் மெத்தைக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இவையெல்லாம் மோசமான இடங்கள். ஜன்னல் ஓரத்தில் உயரமான இடம் பெரும்பாலும் நல்ல எண் தரும்.

படம் நிற்காமல் ஓட, படத்தின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்காவது இணைப்பில் வேண்டும். 480p க்கு 1.4 என்றால் 2 முதல் 2.5 எம்பிபிஎஸ். இதைச் சரிபார்க்க ஸ்பீடு டெஸ்டைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் 15 விநாடி டவுன்லோடு சோதனை ஒன்றுக்கே 94 எம்பி போகும், 480p இல் ஒன்பது நிமிடம் படம் பார்க்கும் டேட்டா அது. 5ஜியில் இன்னும் கொள்ளை. அதைவிட, யூடியூப் வீடியோவின் மேல் வலது சொடுக்கு போட்டு Stats for nerds ஐத் திறந்தால் Buffer Health என்ற வரி, கையிருப்பில் எத்தனை விநாடிப் படம் இருக்கிறது என்பதைக் காட்டும். அது பத்து விநாடிக்கு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கவலையில்லை. படிப்படியாகச் சுருங்கி பூஜ்யத்தை நோக்கிப் போனால் ஒரு படி தரத்தைக் குறைக்க வேண்டிய நேரம். அதே பெட்டியில் இருக்கும் Connection Speed உங்கள் செலவு அல்ல, இணைப்பின் வேகத்தைப் பற்றிய மதிப்பீடு. அதை 0.45 ஆல் பெருக்கிப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு.

அறிகுறி 3: நேற்று ஓடியது, இப்போது 144p கூட நகரவில்லை

வரம்பு தீர்ந்திருக்கும். பல திட்டங்களில் டேட்டா முடிந்ததும் இணைப்பு அறுந்துவிடாது, 64 அல்லது 128 கேபிபிஎஸ் போன்ற ஒரு வேகத்துக்கு இறங்கிவிடும். அதனால் மெசேஜ் வருகிறது, சிக்னல் இருக்கிறது, "நெட் இருக்கே" என்று தோன்றுகிறது. 64 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 29 எம்பிகூட இல்லை. 480p க்கு வேண்டியது இதைப் போல இருபது மடங்குக்கு மேல். தரத்தைக் குறைத்துச் சமாளிக்கும் எல்லைக்குள் இது வராது.

கூட்ட நெரிசலிலிருந்து இதைப் பிரித்தறிவது சுலபம். நெரிசலில் வேகம் ஏறி இறங்கும், நள்ளிரவுக்குப் பின் சரியாகும். வரம்பு தீர்ந்தால் வேகம் ஒரே எண்ணில் கோடு போட்டாற்போல நிற்கும். இன்னொரு வகையும் உண்டு: போனில் நேராகப் பார்த்தால் நன்றாக ஓடுகிறது, ஹாட்ஸ்பாட்டில் மட்டும் ஆமை வேகம். சில திட்டங்கள் ஹாட்ஸ்பாட் டேட்டாவுக்குத் தனி வரம்பு வைக்கின்றன. அதற்குத் திட்டத்தின் நிபந்தனையைப் படிப்பதைத் தவிர வேறு சோதனை தேவையில்லை.

அறிகுறி 4: வேகம் இருக்கிறது, ஆனால் 480p க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது

முதலில் நீங்களே போட்ட Data saver ஐப் பாருங்கள், மறந்திருப்பீர்கள். அதுவல்ல என்றால் fast.com ஐ ஒரு முறை திறந்து, வேறொரு ஸ்பீடு டெஸ்டோடு ஒப்பிடுங்கள். fast.com நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிலிருந்தே அளக்கிறது. மற்றது 20 காட்ட, இது மட்டும் 1.5 அல்லது 2 காட்டினால், வீடியோவுக்கு மட்டும் வேகம் கட்டப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுபோல வந்தால், கருவியின் உரிமப் பாதுகாப்பு நிலை காரணமாக இருக்கலாம். சில மலிவு டேப்லெட்களும் சில பிரவுசர்களும் கட்டணப் படங்களை 480p இல் மட்டுமே பெறும். ஹாட்ஸ்பாட்டில் வாழ்பவருக்கு இரண்டுமே நஷ்டமில்லை, சரிசெய்ய மெனக்கெட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அறிகுறி 5: அரை மணி நேரம் ஓடியபின் போன் கொதிக்கிறது, வேகம் விழுகிறது, அல்லது ஹாட்ஸ்பாட் தானே அணைகிறது

போன் இப்போது ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது: டவரோடு பேசுகிறது, வைஃபையில் பரப்புகிறது, சார்ஜும் ஏறுகிறது. இதில் சிக்னல் பலவீனமாக இருந்தால் டவரை எட்ட அது இன்னும் கூடுதல் சக்தியில் அனுப்பும், சூடு அங்கேதான் கூடுகிறது. ஒரு அளவுக்கு மேல் சூடானால் போன் தன்னைக் காக்க வேகத்தைக் குறைக்கும், சார்ஜை நிறுத்தும். உறையைக் கழற்றுங்கள், மெத்தையிலோ தலையணையிலோ வைக்காமல் டைல்ஸ் தரையோ மேசையோ போன்ற கெட்டியான பரப்பில், மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். ஜன்னல் ஓரம் நல்ல சிக்னல் என்று மேலே சொன்னோம், மதிய வெயில் நேராக விழும் ஜன்னல் என்றால் அந்த ஆதாயம் சூட்டில் போய்விடும். சார்ஜரில் வேகச் சார்ஜ் வேண்டாம். படம் தொடங்குமுன் 80 சதவீதம் ஏற்றிவிட்டு, ஓடும்போது லேப்டாப்பின் யூஎஸ்பியிலிருந்து மெதுவாக ஏற விடுவது நல்லது.

சூடே இல்லாமல் அணைந்தால் அது அமைப்புகளின் வேலை. ஆண்ட்ராய்டில் யாரும் இணையாதபோது ஹாட்ஸ்பாட்டைத் தானே அணைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. லேப்டாப் தூங்கியதும் "யாரும் இல்லை" என்று எண்ணி அணைத்துவிடும். பேட்டரி சேமிப்பு முறையும் இதைச் செய்யும். ஐபோனில் Personal Hotspot பக்கத்தைத் திறந்து வைத்தபடியே லேப்டாப்பை இணைத்துவிட்டு அதன்பின் பூட்டினால் பிடித்துக்கொள்ளும். போன் அழைப்பு வரும்போது மட்டும் படம் நின்றால், உங்கள் அழைப்புகள் 4ஜி வழியாகப் போகாமல் பழைய நெட்வொர்க்குக்கு இறங்குகின்றன. சிம் அமைப்பில் VoLTE யைப் போட்டால் அழைப்பும் படமும் சேர்ந்து ஓடும்.

அறிகுறி 6: டிவிக்கு ஹாட்ஸ்பாட் கண்ணிலேயே படவில்லை

மேலே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியிருப்பீர்கள், டிவி 2.4 மட்டும் அறிந்த பழைய மாடலாக இருக்கும். திரும்ப மாற்றுங்கள், வேறு வழியில்லை. 480p, 720p க்கு 2.4 போதுமானதுதான்.

அப்படியும் தொல்லை தந்தால், போனையே எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைக்க முடியுமா என்று பாருங்கள். எல்லாப் போன்களின் சி டைப் துளையும் படத்தை வெளியே அனுப்பாது, மாடலின் விவரப் பட்டியலில் பார்த்துவிட்டு அடாப்டர் வாங்குங்கள். இதில் ஒரு எதிர்பாராத லாபம் இருக்கிறது. படத்தை இறக்குவது இப்போது போனில் உள்ள ஆப், அதற்குத் தான் மொபைல் டேட்டாவில் இருப்பது தெரியும், ஆகவே நீங்கள் முன்பே போட்டு வைத்த மொபைல் டேட்டாக் கட்டுப்பாடு இங்கே செல்லும். காஸ்ட் பொத்தானை அழுத்துவது இதுபோன்றது அல்ல. அதில் போன் வெறும் ரிமோட். படத்தை டிவி தானே ஹாட்ஸ்பாட் வழியாக இழுக்கும், டிவியின் தரத்திலேயே இழுக்கும்.

அறிகுறி 7: லேப்டாப் மூடியிருக்கிறது, டிவி அணைந்திருக்கிறது, டேட்டா மட்டும் ஏறுகிறது

அறையைப் பகிர்ந்துகொள்பவர் என்றோ ஒருநாள் வாங்கிய பாஸ்வேர்ட் அவர் போனில் இன்னும் இருக்கும். ஹாட்ஸ்பாட் போட்டதும் அது ஒட்டிக்கொண்டு, வைஃபை கிடைத்தது என்று புகைப்படங்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும், அவருக்கே தெரியாது. ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இணைந்த கருவிகளின் எண்ணிக்கையைப் பார்த்து, பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள். பெயரை அப்படியே விட்டுவிட்டால், லேப்டாப்பில் புது பாஸ்வேர்டைக் கொடுத்து இணைந்ததும் Metered connection சுவிட்ச் போட்டபடியே இருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.